ஏற்காட்டில் 95 டிகிரியில் பொங்கிய பால்

சேலம் அம்மாபேட்டையில் குடியிருந்தவரை எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தது கிடையாது. அதற்கு நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். சமையலுக்கென்று விற்கிற ஊசி வெப்பமானியின் முனையைப் பாலுக்குள் விட்டு, 97 டிகிரியில் அலாரம் அடிக்கும்படி வைத்துவிடுவேன். அது கத்தியதும் வந்து அடுப்பை அணைத்தால் போதும். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

வேலை மாற்றலாகி ஏற்காட்டுக்குக் குடிவந்த மறுநாள் காலை, அதே போசியில் அதே மாதிரி ஒரு லிட்டர் பாலை வைத்து, அலாரத்தையும் போட்டுவிட்டு, முன்னறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடிக்கவே இல்லை. தீய்ந்த வாடை வந்துதான் ஓடினேன். பால் பாதிக்கு மேல் மேடையில் கிடந்தது. பர்னர் அணைந்திருந்தது, கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து, சிலிண்டர் வால்வை மூடி, வாடை முழுக்கப் போகும்வரை எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே நின்றேன். வழிந்த பாலைத் துடைப்பது அரை மணி நேர வேலை. அணைந்த பர்னரிலிருந்து கேஸ் வருவதுதான் இதில் உண்மையான ஆபத்து. அதனால்தான் இதை ஒரு வாரம் உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வெப்பமானி கெட்டுவிட்டதா என்று பார்த்தேன். உடைத்த ஐஸ் நிறைந்த தண்ணீரில் விட்டால் 0 காட்டியது. கொதிக்கிற வெறும் தண்ணீரில் விட்டால் 95. அதற்கு மேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் ஆணி அடித்த மாதிரி அங்கேயே நின்றது. கருவி சரி, ஊர்தான் வேறு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் ஆவியாக அவ்வளவு சூடு தேவைப்படாது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொண்டால் சேலத்தில் 99, இங்கே 95. பாலில் சர்க்கரையும் உப்பும் கரைந்திருப்பதால் தண்ணீரைவிட அரை டிகிரிக்கும் குறைவாகத்தான் கூடும். 97 என்கிற எண்ணை இந்த மலையில் திறந்த பாத்திரத்துப் பால் தொடவே முடியாது. அது அடிக்கும் என்று நம்பி நான் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அலாரத்தைக் குறைத்து வைத்தால் முடிந்துவிடும். ஆனால் தண்ணீர் அதே 95 டிகிரியில் பொங்காமல் கொதிக்கிறதே, பால் மட்டும் ஏன் எழும்புகிறது என்ற கேள்வி தீரவில்லை. மறுநாள் டார்ச் லைட்டோடு அடுப்புப் பக்கத்திலேயே நின்று கவனித்தேன்.

பால் சூடாகத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டன. அது ஆவி இல்லை, பாலில் கரைந்திருந்த காற்று. 65, 70 டிகிரியைத் தாண்டும்போது மேற்பரப்பின் பளபளப்பு மங்கியது. கரண்டியின் முனையால் மெல்லத் தொட்டு இழுத்தால் பரப்பு சுருங்கி வந்தது, இஸ்திரி போடாத துணியை இழுத்த மாதிரி. ஆடை படிய ஆரம்பித்துவிட்டது. 90ஐ நெருங்கும்போது அடியிலிருந்து 'ம்ம்' என்று ஒரு இரைச்சல் கேட்டது. அடியில் உருவாகும் ஆவிக்குமிழிகள் கொஞ்சம் குளிர்ந்த மேல்பாலுக்கு வந்ததும் உடைந்து மறைகிற சத்தம் அது. பிறகு அந்த இரைச்சல் சட்டென்று தணிந்தது. அப்போது பால் முழுக்க ஒரே சூட்டுக்கு வந்துவிட்டது, குமிழிகள் வழியில் சாகாமல் மேலே வந்து சேர்கின்றன. மாடியில் இருக்கிற வீட்டுக்காரப் பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "சத்தம் அடங்குச்சுன்னா பால் வந்துரும் கண்ணு, நாங்க காதுலதான் பால் காய்ச்சுவோம்" என்றார். அறுபது வருட அனுபவம். அன்றிலிருந்து நானும் வெப்பமானியை நம்புவதற்குச் சமமாகக் காதையும் நம்புகிறேன்.

குமிழி மேலே வந்து சேர்ந்த பிறகுதான் தண்ணீருக்கும் பாலுக்கும் வித்தியாசம். தண்ணீரில் குமிழி பரப்பைத் தொட்டதும் உடைந்து, ஆவி வெளியே போய்விடுகிறது. பாலில் அது உடைவதில்லை. பாலிலுள்ள புரதங்கள் குமிழியைச் சுற்றி மெல்லிய சவ்வாகப் போர்த்திக்கொள்கின்றன. அதனால் ஒரு குமிழியின் மேல் அடுத்தது, அதன் மேல் அடுத்தது என்று நுரை அடுக்கு உயர்கிறது. அதற்கு மேலே ஏற்கெனவே படிந்த ஆடை ஒரு மூடி மாதிரி கிடக்கிறது. ஆவி வெளியேற வழி இல்லை, ஆடையைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். பருப்பு வேகும்போது நுரை எழும்புவதும் சோற்றுக் கஞ்சி பொங்குவதும் இதே போலத்தான், அங்கே பருப்பின் புரதமும் அரிசியின் மாவும் அந்த வேலையைச் செய்கின்றன.

பால் அவ்வளவு வேகமாக எழும்புவது ஏன் என்பதற்குக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் 100 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் இடம் பிடிக்கும். ஏற்காட்டின் குறைந்த அழுத்தத்தில் அதே ஒரு மில்லி ஏறக்குறைய 2 லிட்டர் ஆகிவிடும். பெரிய பர்னரை முழுத் தீயில் வைத்தால் நொடிக்குச் சுமார் அரை மில்லி ஆவியாகும். அதாவது நொடிக்கு ஒரு லிட்டர் ஆவி. என் போசி 14 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். ஒரு லிட்டர் பால் ஊற்றினால் ஆறரை செ.மீ. வரை நிற்கும், மேலே மிஞ்சும் காலியிடம் சுமார் 850 மில்லி. ஒரு குமிழிகூட உடையாவிட்டால் ஒரு நொடிக்குள் விளிம்பைத் தொட்டுவிடும். குமிழிகள் நடுநடுவே உடைந்துகொண்டிருப்பதால் எனக்கு ஏழெட்டு நொடி கிடைத்தது. பாலின் அளவு கூடவில்லை, அதற்குள் ஆவி அடைபட்டு நிற்கிறது. அணைத்ததும் சரேலென்று இறங்கிவிடுவது அதனால்தான்.

இதைத் தெரிந்துகொண்டபின், வீடுகளில் சொல்லப்படும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பச்சை பாக்கெட் பால், ஒரு லிட்டர், ஒரே பர்னர். பார்த்து முடித்த பாலை வீணாக்கவில்லை, பாதியைத் தயிருக்கும் பாதியைப் பால்கோவாவுக்கும் ஒதுக்கினேன்.

அதிகம் பலன் தந்தது பாத்திரத்தை மாற்றியதுதான். 22 செ.மீ. அகலமுள்ள உருளியில் அதே ஒரு லிட்டர் இரண்டரை செ.மீ. உயரத்துக்குத்தான் நின்றது. பரப்பு இரண்டரை மடங்கு ஆகிவிட்டதால் ஒவ்வொரு குமிழிக்கும் உடைய இடம் கிடைக்கிறது. மேலே மிஞ்சிய காலியிடமும் பெரியது. மிதமான தீயில் நுரை பாதி உயரத்தில் வந்து அங்கேயே கொதித்தபடி நின்றது, வழியவில்லை. முழுத் தீயில் வழிய அரை நிமிடம் பிடித்தது. அரை நிமிடம் என்பது அடுப்புக்கு ஓடிவரப் போதுமான நேரம். அன்று முதல் பாத்திரத்தில் பாதிக்கு மேல் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

மரக்கரண்டியைக் குறுக்கே போடுகிற வழி பலன் தரத்தான் செய்கிறது, ஆனால் கொஞ்ச நேரம்தான். உலர்ந்த, ஆறிய மரத்தில் நுரை பட்டதும் குமிழிகள் பொட்டு பொட்டென்று உடைந்தன. மிதமான தீயில் இருபது நொடி வரை நுரை கரண்டியின் மட்டத்திலேயே தடுமாறியது. கரண்டி நனைந்து சூடேறியபின் நுரை அதை அப்படியே விழுங்கி மேலே போய்விட்டது. முழுத் தீயில் ஆரம்பத்திலிருந்தே பயனில்லை. பாலை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்களுக்கு இது காவல் ஆகாது.

விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக நெய் தடவியதும் அதே மாதிரிதான். கொழுப்பு குமிழியின் சவ்வில் பரவி அதை உடைக்கிறது. சிம்மில் நுரை நெய்க்கோட்டைத் தொட்டுத் தொட்டு இறங்கியது, பார்க்கவே அழகாக இருந்தது. தீயைக் கூட்டினால் அதுவும் தோற்றது.

எனக்குப் பிடித்துப்போனது கவிழ்த்த தட்டு. ஒரு சின்ன கனமான ஸ்டீல் சாஸரைக் கழுவிப் பாத்திரத்தின் அடியில் குப்புறப் போட்டேன். விளிம்பில் ஓரிடத்தில் ஏற்கெனவே நசுங்கல் இருந்தது, அது நல்லதாகப் போயிற்று. அடியில் உண்டாகும் சின்னச் சின்ன ஆவிக்குமிழிகள் தட்டுக்குக் கீழே ஒன்றாகச் சேர்ந்து, அந்த நசுங்கல் வழியாக 'டொக், டொக்' என்று பெரிய குமிழியாக வெளியே வந்தன. பெரிய குமிழிக்குப் போர்வை போட அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. அது மேலே வந்து ஆடையைக் கிழித்துக்கொண்டு வெடித்துவிடுகிறது. அடிப்பாலைக் கிளறியும் விடுகிறது. மிதமான தீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டேன், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அந்தச் சத்தமே பால் கொதித்துவிட்டது என்ற அறிவிப்பும்கூட. முழுத் தீயில் இதையும் மீறி வழிந்தது. தட்டுக்கு அடியில் சிக்கும் பால் லேசாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் சுடச்சுடக் கழுவிவிட வேண்டும்.

எழும்பிவிட்ட பாலுக்கு ஒரு கை பச்சைத்தண்ணீர் தெளிப்பது ஒரு நொடியில் அதை இறக்கும், நுரையிலிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கிவிடுகிறது. ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் சில நொடியில் மறுபடி வரும். இன்னொன்றும் கவனித்தேன். மெல்லிய ஸ்டீல் பாத்திரத்தில் கேஸை அணைத்ததும் நுரை இறங்கியது. கனமான அடி வைத்த பாத்திரத்தில் அணைத்த பிறகும் இரண்டு மூன்று நொடி ஏறியது, அடியில் தேங்கிய சூடு தொடர்ந்து ஆவியை உண்டாக்குகிறது. அந்தப் பாத்திரத்தை அணைப்பதோடு விடாமல் இடுக்கியால் தூக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் பொங்கல் பற்றி. ஆடை பற்றிச் சொல்லவேண்டியது வேறு.

ஆடை என்பது பாலின் கொழுப்பு மட்டுமே என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். நம் பேச்சில் ஆடை, ஏடு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்துகிடக்கின்றன. காய்ச்சும்போதும் ஆறும்போதும் மேலே படிவது ஒன்று. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்த கறந்த பாலின் மேல் தடிமனாக மிதப்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக எடுத்து விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தேன். முதலாவது நனைந்த காகிதம் போல இழுபட்டுக் கிழிந்தது. இரண்டாவது வெண்ணெய் போலப் பூசிக்கொண்டது. தனித்தனிக் கரண்டியில் சூடாக்கினால் இரண்டாவது உருகி மஞ்சள் எண்ணெய்ப் பொட்டுகள் நிறைய விட்டது. முதலாவது சுருண்டதே தவிரக் கரையவில்லை, ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் கசிந்தது.

அந்த முதலாவதுதான் டீயில் மிதந்து உதட்டில் ஒட்டுகிற ஆடை. பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் மேலேயுள்ள மெல்லிய அடுக்கில் மட்டும் புரதம் நெருக்கமாகிறது. 70 டிகிரிக்கு மேல் பாலின் மோர்ப் புரதங்கள் சுருள் அவிழ்ந்து, கேசின் என்கிற முக்கியப் புரதத்தோடும் தங்களுக்குள்ளும் பிணைந்துகொள்கின்றன. மேலே வரும் கொழுப்புத் துளிகளையும் அந்த வலை பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட்டில் ஆடை தடித்தும், 3 சதவீத நீல பாக்கெட்டில் சன்னமாகவும் வருகிறது. எடுத்துவிட்டால் மறுபடி படியும், பால் சூடாக இருக்கும்வரை பரப்பு உலர்ந்துகொண்டேதான் இருக்கும்.

ஆக, பரப்பை உலரவிடாமல் வைப்பதும் ஓரிடத்தில் நிற்கவிடாமல் வைப்பதும்தான் வழி. நான்கு டம்ளர்களில் ஒரே பாலைச் சுடச்சுட ஊற்றினேன். ஒன்றைத் திறந்த ஜன்னல் பக்கம் அப்படியே வைத்தேன். ஏற்காட்டின் குளிர்காற்று பட்டதில் ஐந்து நிமிடத்தில் கரண்டியால் தூக்கக்கூடிய ஆடை வந்தது. இரண்டாவதை ஊற்றியவுடன் தட்டால் மூடினேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் தொட்டால் கலைகிற அளவுக்குச் சன்னமான படலம்தான். மூன்றாவதை நிமிடத்துக்கு ஒரு முறை கலக்கினேன், ஆடை சேரவில்லை. ஆனால் 60 டிகிரியில் கலக்குவதை நிறுத்தியதும் லேசாக வந்தது, வெதுவெதுப்பாகும்வரை தொடர வேண்டியிருந்தது. நான்காவதை டீக்கடை முறையில் இரண்டு டம்ளருக்கு மாற்றி மாற்றி நான்கு தடவை ஆற்றினேன். மேலே ஒரு விரல் கனத்துக்கு நுரை நின்றது, அதற்குக் கீழே ஆடையே இல்லை. நுரை பால் பரப்பைக் காற்றிலிருந்து மூடிவிடுகிறது, சூடும் சட்டென்று குறைந்துவிடுகிறது. டீ மாஸ்டர்கள் கைக்கு மேல் கை தூக்கி ஆற்றுவதில் இவ்வளவு இருக்கிறது.

அதிகப் பாலுக்கு இன்னொரு வழியும் பயன்படுத்துகிறேன். காய்ச்சிய பாத்திரத்தை மூடி, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த அகலப் பாத்திரத்தில் உட்காரவைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து கலக்குவேன். இருபது நிமிடத்தில் ஃப்ரிட்ஜில் வைக்கிற பதத்துக்கு வந்துவிடும். நெய்க்கு ஏடு சேர்க்கிற வீட்டில் இதெல்லாம் தேவையில்லை, அவர்கள் திறந்துவைத்து மெல்ல ஆறவிட வேண்டும்.

ஆடையும் பொங்கலும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பது மறுசூடு வைத்தபோது புரிந்தது. காலையில் காய்ச்சி ஆடையோடு ஆறிய பாலைச் சாயங்காலம் அப்படியே அடுப்பில் வைத்தேன். மூடி முன்கூட்டியே தயாராக இருந்ததால் ஆடை முழுதாக ஒரே தட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தது. மறுநாள் அதே பாலை ஆடை எடுத்துவிட்டுக் கலக்கிக்கொண்டே சூடாக்கினேன். எழும்பியது, ஆனால் நுரையாக, மெதுவாக. கலக்குவது ஆடையை மட்டுமே தடுக்கிறது, நுரையை முழுக்கத் தடுப்பதில்லை. முழுத் தீயில் கலக்கிக்கொண்டே நின்றாலும் பால் வழியத்தான் செய்யும்.

இப்போது என் பழக்கம் இது. அகலப் பாத்திரம், பாதிக்குக் கீழே பால், அடியில் கவிழ்த்த தட்டு, மிதமான தீ. இடையிடையே கலக்குவேன், இல்லாவிட்டால் அடியும் மேலும் வேறு வேறு சூட்டில் இருக்கும், வெப்பமானி பொய் சொல்லும். அலாரம் 90 டிகிரியில். இந்த எண் சேலத்திலும் சரியாக இருக்கும், இங்கேயும் சரியாக இருக்கும், இரண்டு இடத்திலும் கொதிநிலைக்குக் கீழேதான். பால் சுத்தமாகப் போதுமா என்று வீட்டில் கேட்டார்கள். பாக்கெட் பால் பாஸ்சரைஸ் செய்யப்பட்டே வருகிறது. அதற்கான அளவே 72 டிகிரியில் 15 நொடி. கறந்த பாலையும் நன்றாகக் கலக்கி 90ஐத் தொடவைத்தால் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. பாலைத் தளதளவென்று பொங்கவைப்பதால் கிடைக்கிற கூடுதல் பலன் இல்லை. ஆனால் ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், சூட்டைத் தாங்கும் சில நுண்ணுயிர்களின் வித்துகள் 90 டிகிரிக்கும் சாகாது.

போன தை மாதம் அக்கா சேலத்தில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினாள். முந்தின நாள் போன் செய்து, "நீ பால் பொங்காம இருக்கத்தான் வழி சொல்ற, நாளைக்கு எனக்கு நல்லா பொங்கணும், எல்லாரும் பார்த்துட்டு நிப்பாங்க" என்றாள். நான் சோதித்ததையெல்லாம் திருப்பிப்போட்டுச் சொன்னேன். வாய் குறுகின பித்தளைப் பானை. முக்கால் அளவு பால், முழுக் கொழுப்புள்ள பாக்கெட். கலக்கவே கூடாது, ஆடை நன்றாகப் படியட்டும். முதலில் மிதமாக வைத்து, இரைச்சல் அடங்குகிறபோது தீயை முழுக்கத் திறக்கவேண்டும். விளிம்பில் நெய்க்கை படக்கூடாது. எந்தப் பக்கம் வழிய வேண்டும் என்று கேட்டாள். "பால் தாழ்ந்த பக்கம்தான் போகும், பானையைக் கிழக்குப் பக்கம் ஒரு இழை சாய்த்து வை அக்கா" என்றேன்.

மறுநாள் அவள் வீட்டு அடுப்புப் பக்கத்தில் நின்று, இரைச்சல் நின்றது என்று நான் சொன்னதும் அவள் தீயைத் திறந்தாள். ஆடை நடுவில் புடைத்து, பானையின் கழுத்தில் இறுகி, அப்படியே ஒரு வெள்ளைக் குமிழாக எழுந்து, கிழக்குப் பக்கம் வழிந்தது. குலவை சத்தம் எழும்பும்போது நான் கேஸ் குமிழைத் திருகி மூடினேன்.